ஜென் 4 எஸ்எஸ்டி வாங்கினால் கேம் சீக்கிரம் லோடு ஆகுமா? வாங்கும் முன்பே சோதித்துப் பார்க்கும் வழி

உங்கள் கணினியில் சாதாரண ஜென் 3 என்விஎம்இ எஸ்எஸ்டி இருக்கிறது. அதன் படிக்கும் வேகம் நொடிக்கு சுமார் 3,500 எம்பி. கடையில் ஜென் 4 எஸ்எஸ்டியின் பெட்டியில் 7,000 என்று போட்டிருக்கிறது, ஜென் 5 பெட்டியில் 14,000 வரை கூட. வேகம் இரண்டு மடங்கு என்றால் கேம் லோடு ஆகும் நேரமும் பாதியாகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பெரும்பாலான கேம்களில் அப்படி நடப்பதில்லை. நான் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. காசு செலவழிக்காமல், உங்கள் கணினியில், நீங்கள் ஆடும் கேமை வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

அதற்கு முன் ஒரு விஷயம். லோடிங் திரை ஓடும்போது எஸ்எஸ்டி மட்டும் வேலை செய்வதில்லை. கோப்புகள் சுருக்கப்பட்டு இருக்கும்; அவற்றைப் பிராசசர் விரிக்க வேண்டும். உலகத்தில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாக உருவாக்க வேண்டும், டெக்ஸ்சர்களை கிராஃபிக்ஸ் கார்டுக்கு அனுப்ப வேண்டும், சில கேம்களில் ஷேடர்களையும் தயார் செய்ய வேண்டும். சந்தையிலிருந்து காய் வேகமாக வந்துவிட்டது என்பதற்காக சாம்பார் சீக்கிரம் கொதித்துவிடாது. நறுக்கும் நேரமும் வேகும் நேரமும் அப்படியேதான் இருக்கும்.

படி 1: உங்களிடம் இருப்பது எது?

CrystalDiskInfo என்ற இலவச நிரலைத் திறந்து, Transfer Mode என்ற வரியைப் பாருங்கள். அங்கே `PCIe 3.0 x4 | PCIe 4.0 x4` என்பது போல இரண்டு பகுதிகள் இருக்கும். PCIe 3.0 என்பதுதான் ஜென் 3, PCIe 4.0 என்பது ஜென் 4. இடது பக்கம் இப்போது ஓடும் வேகம், வலது பக்கம் அந்த எஸ்எஸ்டியால் முடிந்த வேகம். நான் எழுதியிருப்பது போல இரண்டும் வேறாக இருந்தால், உங்களிடம் ஏற்கெனவே ஜென் 4 எஸ்எஸ்டி இருக்கிறது, ஆனால் ஜென் 3 ஸ்லாட்டில் மாட்டியிருக்கிறது என்று பொருள். பழைய மதர்போர்டுகளிலும், சில போர்டுகளின் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டிலும் இப்படி இருக்கும். அந்த ஸ்லாட்டில் எதை மாட்டினாலும் ஜென் 3 வேகம்தான் கிடைக்கும்.

படி 2: லோடிங்கைப் பதிவு செய்தல்

கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இது ரொம்ப முக்கியம். விண்டோஸ் ஒருமுறை படித்த கோப்புகளை ரேமில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அங்கிருந்தே எடுத்துத் தரும். ரீஸ்டார்ட் செய்யாமல் அளந்தால் நீங்கள் அளப்பது எஸ்எஸ்டியை அல்ல, ரேமை. கேமைப் புதிதாக நிறுவிய பிறகோ, டிரைவரைப் புதுப்பித்த பிறகோ வரும் முதல் ஓட்டத்தையும் விட்டுவிடுங்கள். ஷேடர் தயாரிக்கும் நேரம் அதில் சேர்ந்துவிடும்.

கணினி அமைதியானதும் கட்டளைச் சாளரத்தில் இதை ஓடவிடுங்கள்:

```
typeperf "\PhysicalDisk(_Total)\Disk Read Bytes/sec" -si 1 -o load.csv
```

நொடிக்கு ஒரு முறை எத்தனை பைட் படிக்கப்பட்டது என்பதை இது எழுதிக்கொண்டே இருக்கும். கேமைத் திறந்து, ஒரு சேவ் கோப்பைத் தேர்ந்தெடுத்து, அழுத்தும் அதே கணத்தில் கைப்பேசியில் ஸ்டாப்வாட்சைத் தொடங்குங்கள். கதாபாத்திரத்தை நகர்த்த முடிகிற நொடியில் நிறுத்துங்கள். அப்புறம் கட்டளைச் சாளரத்தில் Ctrl+C அழுத்தினால் பதிவு நின்றுவிடும்.

படி 3: கணக்கு

load.csv கோப்பைத் திறந்து, லோடிங் நடந்த நொடிகளுக்கான எண்களை மட்டும் கூட்டுங்கள். ஒரு உதாரணத்துக்கு, ஸ்டாப்வாட்ச் 22 நொடி காட்டியது, கூட்டுத்தொகை 5.6 ஜிபி, எந்த ஒரு நொடியிலும் 900 எம்பிக்கு மேல் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

ஜென் 3 எஸ்எஸ்டி முழு வேகத்தில் ஓடினால் 5.6 ஜிபியைப் படிக்க 1.6 நொடி போதும். ஜென் 4 என்றால் 0.8 நொடி. ஆக, வேகம் இரட்டிப்பானதால் மிச்சமாகக் கூடியது அதிகபட்சம் 0.8 நொடி. 22 நொடி 21.2 ஆகும், அவ்வளவுதான். உச்ச வேகமே 900 எம்பி என்றால் இருக்கிற 3,500-ஐயே கேம் தொடவில்லை, அதனால் அந்த 0.8 நொடிகூட முழுதாகக் கிடைக்காது.

மாறாக, பல நொடிகளுக்கு எண் 3,000 எம்பிக்கு மேலேயே நின்றால் அந்தக் கேம் உண்மையிலேயே எஸ்எஸ்டிக்காகக் காத்திருக்கிறது. அப்போது ஜென் 4 உதவும்.

படி 4: வேகத்தைக் குறைத்துப் பார்த்தல்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். வேகத்தைக் கூட்டிப் பார்க்க புது எஸ்எஸ்டி வேண்டும். குறைத்துப் பார்க்க ஒன்றும் வேண்டாம். பல மதர்போர்டுகளின் பயாஸில் எம்.2 ஸ்லாட்டின் வேகத்தை நாமே முடிவு செய்யலாம். M.2_1 Link Mode என்பது போன்ற பெயரில் இருக்கும். போர்டுக்குப் போர்டு பெயர் மாறும். Auto என்று இருப்பதை Gen 2 என்று மாற்றுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு ஸ்லாட்டை மாற்றிவிடாமல் கவனமாக இருங்கள். டிஸ்க்கில் பிட்லாக்கர் இருந்தால், மாற்றிய பிறகு மீட்புச் சாவியைக் கேட்கலாம். அதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஸ்லாட்டின் எல்லை நொடிக்கு 2 ஜிபி. Transfer Mode வரியின் இடது பக்கம் `PCIe 2.0 x4` என்று மாறியிருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, படி 2-ஐ அதே சேவ் கோப்பில் மூன்று முறை செய்யுங்கள், ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் செய்துவிட்டு. வேகத்தைப் பாதியாகக் குறைத்தும் 22 நொடி ஏறக்குறைய 22-ஆகவே நின்றால், இரட்டிப்பாக்கினாலும் பெரிதாக எதுவும் மாறாது. நேரம் தெளிவாக ஏறினால் எஸ்எஸ்டிதான் இழுத்துப் பிடிக்கிறது.

இந்தச் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. பல கேம்கள் சின்னச் சின்னத் துண்டுகளாக, ஒன்று வந்த பிறகு அடுத்தது என்று கேட்கும். அப்போது பாதையின் அகலம் பொருட்டே இல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் ஃபிளாஷ் பதில் சொல்ல எடுக்கும் நேரம்தான் கணக்கு. எஸ்எஸ்டியின் வேகத்தை அளக்கும் CrystalDiskMark நிரலில் RND4K Q1T1 வரியைப் பாருங்கள். மேல் வரியில் 3,500 காட்டும் அதே எஸ்எஸ்டி இங்கே பத்துகளில்தான் காட்டும். ஜென் 4-இலும் இது சற்றுத்தான் கூடும். மேல் வரியைப் போல இரட்டிப்பாகாது. பயாஸில் ஸ்லாட்டைக் குறைப்பதால் இந்தக் குணம் அவ்வளவாக மாறாது என்பதால், அந்தச் சிறு முன்னேற்றத்தை இந்தச் சோதனை காட்டாது.

லேப்டாப்புகளில் பெரும்பாலும் இந்த அமைப்பே இருக்காது. லேப்டாப் வைத்திருப்பவர்கள் படி 3 வரை செய்தாலே போதும்.

எந்தக் கேமில் மாறலாம்?

டைரக்ட்ஸ்டோரேஜ் பயன்படுத்தும் கேம்களில். கோப்பை விரிக்கும் வேலையைப் பிராசசரிடமிருந்து கிராஃபிக்ஸ் கார்டுக்கு மாற்ற இது வழி செய்கிறது. 2023 ஜூலையில் கணினிக்கு வந்த ரேட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட் அப்படிப்பட்டது. ஆட்டத்தின் நடுவே உலகத்தையே நொடியில் மாற்றும் கேம் அது. இத்தகைய கேம்களை நீங்கள் ஆடுபவர் என்றால் மேலே சொன்ன சோதனையை அவற்றிலேயே செய்யுங்கள், வேறொரு கேமின் முடிவை இதற்குப் பொருத்த வேண்டாம். பிஎஸ்5-இன் கூடுதல் ஸ்லாட்டுக்கு இந்தக் கேள்வியே இல்லை. அதற்கு ஜென் 4 எஸ்எஸ்டி வேண்டும், சோனி 5,500 எம்பி அல்லது அதற்கு மேற்பட்ட வேகத்தைப் பரிந்துரைக்கிறது.

சோதனை முடிந்ததும் பயாஸில் Gen 2 என்று வைத்ததை மறக்காமல் Auto-வுக்கு மாற்றி, Transfer Mode பழைய நிலைக்கு வந்துவிட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.