கர்ப்பகால இடுப்புவலி: படியேறினால் சரியாகிவிடுமா?

ஐந்தாம் மாதம் தாண்டியதும் வரும் வலியை எல்லாம் 'இடுப்புவலி' என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். "நல்லா நடம்மா, படி ஏறி இறங்கு, குந்தி உட்கார்ந்து தரையைத் துடை, சுகப்பிரசவம் ஆகும்" என்று உடனே யோசனையும் கிடைக்கும். சாதாரண முதுகுவலிக்கு நடை நல்லதுதான். இடுப்பெலும்புகள் சேரும் மூட்டுகளில் வரும் இடுப்பு வளைய வலி என்றால் அதே யோசனை வலியைக் கூட்டும். முதல் தவறு, எந்த வலி என்று பார்க்காமலே வைத்தியம் தொடங்குவது.

வலி எப்போது வருகிறது என்று கவனித்தாலே பாதி விளங்கிவிடும். தும்மும்போதோ சட்டென்று திரும்பும்போதோ அடிவயிற்றின் ஓரத்தில் சுருக்கென்று குத்தி, சில நொடிகளில் விட்டுவிட்டால் அது பெரும்பாலும் தசைநார் வலி. கருப்பையை இருபுறமும் தாங்கி, தொடை இடுக்கு வழியாக இறங்கும் நார்கள் வயிறு வளர வளர நீள்கின்றன. திடீரென இழுபட்டால் குத்துகின்றன. தும்மல் வரும்போது முழங்காலையும் இடுப்பையும் மடித்துச் சற்று முன்னால் குனிந்துகொண்டால் இழுப்பு குறையும். இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது.

நெடுநேரம் நின்றோ உட்கார்ந்தோ இருந்தபின் இடுப்புக்கு மேலே, நடு முதுகை ஒட்டி மந்தமாக வலித்தால் அது முதுகுவலி. ஒரு காலில் நிற்கும்போது, படியேறும்போது, படுக்கையில் புரளும்போது, காரிலிருந்து இறங்கும்போது வலித்தால் இடுப்பு வளையம்தான். இடம் முன்பக்கம் எலும்பு சேரும் மேடாக இருக்கலாம், பின்னால் பிட்டத்துக்கு மேல் குழி விழும் இடமாகவும் இருக்கலாம். கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. மூட்டுகள் தளர்வதும், பாரம் முன்னால் சாய்வதும், இருபக்கமும் ஒரே சீராக அசையாததும் சேர்ந்து மூட்டை உறுத்துகின்றன.

ஆயர் ஈத்தாமில் லிப்ட் இல்லாத பழைய பிளாட்டில் நான்காம் மாடியில் குடியிருக்கும், 26 வாரக் கர்ப்பிணி ஒருவரை எடுத்துக்கொள்வோம். வலது பின்குழியில் வலி. காலையில் நின்றபடியே ஒரு காலைத் தூக்கிக் கால்சட்டை போடுகிறார்; மூத்த பிள்ளையை ஒரு பக்க இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்குகிறார்; கணவரின் மோட்டாரில் பின்னால் கால் அகட்டி உட்காருகிறார். மூன்றுமே பாரத்தை ஒரு பக்கம் தள்ளுபவை, அல்லது காலை விரிப்பவை. இரவில் முனகியபடி புரள்வது பகலில் செய்த இந்த வேலைகளின் பலன்.

அவர் மாற்ற வேண்டியவை இவை. உட்கார்ந்து உடை உடுத்தலாம். படியில் ஒவ்வொன்றாக, இரண்டு காலையும் ஒரே படியில் சேர்த்து வைத்தபடி போகலாம்: ஏறும்போது வலியில்லாத கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில், ஒரு கை எப்போதும் பிடியில். கீழே போக வேண்டிய வேலைகளை ஒரே இறக்கத்தில் முடித்துக்கொள்ளலாம். காரில் முதலில் பின்புறமாகச் சீட்டில் அமர்ந்து, பிறகு முழங்கால்களை ஒட்டியபடி இரு கால்களையும் சேர்த்து உள்ளே எடுக்கலாம். சீட்டில் ஒரு பிளாஸ்டிக் பை விரித்தால் எளிதாகத் திரும்பலாம். புரளவும் அதே விதி: முழங்கால்களை மடித்துச் சேர்த்து இறுக்கிக்கொண்டு, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். ஒருக்களித்துத் தூங்கும்போது கால்களுக்கு நடுவே, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தலையணை. முழங்காலுக்கு மட்டும் வைத்தால் பாதம் தொங்கி இடுப்பை முறுக்கும்.

இடுப்புப் பட்டை வாங்குவோர் வயிற்றைச் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். பிரசவத்துக்குப்பின் கட்டும் பெங்கோங்கை முன்னாலேயே கட்டுவோரும் உண்டு. இந்த வலிக்கான பட்டை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பைச் சுற்றித் தாழ்வாக இருக்க வேண்டும். உதவுமா என்று வாங்குமுன்பே பார்க்கலாம்: சில நொடி மல்லாந்து படுத்து, காலை நீட்டியபடி ஒரு சாண் தூக்குங்கள். இன்னொருவர் இரு பக்க இடுப்பையும் கையால் உள்நோக்கி அழுத்தும்போது காலைத் தூக்குவது எளிதானால் பட்டை பயன்படும்.

வீட்டில் மாதவிடாய் வலிக்கு வைத்திருக்கும் பொன்ஸ்தானை எடுத்துப் போடுவது பெரிய தவறு. அந்த வகை மாத்திரைகள் 20 வாரத்துக்குப்பின் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். தைலம், கோயோக் ஆகியவற்றில் சாலிசிலேட் இருந்தால் அவையும் வேண்டாம். வயிற்றை உருவிவிடும் உருட் கூடவே கூடாது. தாங்க முடியாதபோது பாராசிட்டமோல் 500 மில்லிகிராம் இரண்டு மாத்திரை, ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு எட்டுக்கு மேல் போகாமல். ஈரல் கோளாறு உள்ளவரும் எடை குறைந்தவரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வலி விட்டுவிட்டு ஒரே இடைவெளியில் வந்து வயிறும் கல்லாக இறுகினால், ரத்தமோ நீரோ கசிந்தால், காய்ச்சல் அல்லது சிறுநீர் எரிச்சல் சேர்ந்தால், குழந்தையின் அசைவு குறைந்தால், தொடை நடுவே மரத்துச் சிறுநீர் அடக்க முடியாமல் போனால், பட்டை தலையணை என்று நேரம் போக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மற்றபடி, தாய்சேய் கிளினிக்கில் அடுத்த பரிசோதனையின்போதே வலியைச் சொல்லிப் பிசியோதெரபிக்குக் கேளுங்கள். முழங்கால்கள் வலியில்லாமல் எவ்வளவு அகலம் விரிகின்றன என்று ஒருமுறை அளந்து அந்தச் சென்டிமீட்டரைப் பிங்க் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பிரசவத்தின்போது எபிடூரல் ஊசி போட்டபின் வலி தெரியாது. காலைப் பிடித்து விரிக்கும் தாதிக்கு அந்த அளவுதான் எல்லை.