அடித்து எழுதிய எண்ணில் எதை எடுப்பது? பழைய மழை அட்டவணைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மார்ச்சில், ஊரடங்கு தொடங்கிய நேரத்தில், பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழக விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ் பொதுமக்களிடம் ஓர் உதவி கேட்டார். அந்நாட்டு வானிலைத் துறை தன்னிடமிருந்த 65,000-க்கும் மேற்பட்ட பழைய மழைத்தாள்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தது. அவற்றில் கையால் எழுதிய எண்களைக் கணினியில் ஏற்ற ஆள் வேண்டும் என்றார். சுமார் 16,000 பேர் சேர்ந்து 16 நாட்களில் வேலையை முடித்தார்கள். ஒவ்வொரு தாளும் ஒரு மழைமானியின் பத்து ஆண்டுக் கணக்கு. பத்தியில் ஆண்டு, வரிசையில் மாதம், அடியில் ஆண்டுக் கூட்டுத்தொகை. எண்கள் அங்குலத்தில், இரண்டு தசம இடங்களோடு இருக்கும்.

இப்படிப்பட்ட தாளில் சுத்தமான எண்ணை ஏற்ற யாராலும் முடியும். கை தயங்குவது அடித்தல் திருத்தல் உள்ள கட்டத்தில்தான். பெரும்பாலான தவறுகளும் அங்கேதான் நடக்கின்றன.

ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். அக்டோபர் மாதத்தில் 3.47 என்று எழுதி, ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சிறிதாக 2.47 என்று எழுதியிருக்கிறது. எதை ஏற்றுவது? சந்தேகம் வந்தால் நாம் செய்யும் முதல் காரியம் கூட்டிப் பார்ப்பது. மற்ற பதினொரு மாதங்களின் கூட்டுத்தொகை 28.39. தாளின் அடியில் எழுதியிருக்கும் ஆண்டுத் தொகை 31.86. 28.39-உடன் 3.47-ஐக் கூட்டினால் மிகச் சரியாக 31.86. 2.47-ஐக் கூட்டினால் 30.86, ஒரு அங்குலம் குறைகிறது. "அப்படியானால் அடித்த எண்தான் சரி, திருத்தியவர் தவறு செய்துவிட்டார்" என்று முடிவு கட்டி 3.47-ஐ ஏற்றிவிடுகிறோம்.

நான் பார்த்தவரை இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கணக்குப் போட்டுப் பார்த்துச் செய்வதால் அது தவறு என்றே தோன்றாது. கூட்டுத்தொகை ஒத்துப்போனதிலிருந்து நமக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: கூட்டிய நேரத்தில் அந்தக் கட்டத்தில் 3.47 இருந்தது. திருத்தம் அதற்குப் பிறகு வந்திருக்கலாம். திருத்தியவர் கட்டத்தை மட்டும் மாற்றிவிட்டு, அடியில் இருந்த தொகையை மாற்ற மறந்திருக்கலாம்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? மையைப் பாருங்கள். 3.47-உம் 31.86-உம் ஒரே கறுப்பு மையில், ஒரே கையெழுத்தில் இருந்து, 2.47 மட்டும் பென்சிலிலோ சிவப்பு மையிலோ இருந்தால், திருத்தம் பின்னால் வந்தது என்று தெளிவாகத் தெரிந்துவிடும். அப்போது 2.47-தான் மதிப்பு. பிழை ஆண்டுத் தொகையில்தான். மாறாக, மூன்றும் ஒரே மையில் இருந்து, தொகை மட்டும் 3.47-உடன் ஒத்துப்போனால், எழுதியவர் வேறு ஏதோ நினைத்திருக்க இடமுண்டு. அப்போதும் நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 2.47-ஐ ஏற்றி, 'தொகை பொருந்தவில்லை' என்று குறித்து வைத்தால் போதும். மை நிறம் தெரிய வேண்டுமானால் வண்ண ஸ்கேன் வேண்டும். கறுப்பு வெள்ளையில் எடுத்த படத்தில் பென்சிலும் மையும் ஒரே கறுப்பாகிவிடும். அப்படிப்பட்ட படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் இழந்தது திரும்பாது.

தொகை மாறாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரிட்டனில் காலை 9 மணிக்கு அளக்கும் மழையை முந்தைய நாளின் கணக்கில் எழுதுவது வழக்கம். (இந்தியாவில் காலை 8.30-க்கு அளந்ததை அதே நாளின் தேதியில் எழுதுகிறோம்.) பிப்ரவரி 1 காலையில் அளந்த 0.30 அங்குலத்தை ஒருவர் பிப்ரவரியில் எழுதிவிட்டு, பிறகு ஜனவரிக்கு மாற்றினால், தாளில் இரண்டு அடித்தல்கள் இருக்கும். ஜனவரியில் 0.30 கூடியிருக்கும், பிப்ரவரியில் 0.30 குறைந்திருக்கும். ஆண்டுத் தொகை அப்படியே நிற்கும். அடுத்தடுத்த இரு மாதங்களில் ஒரே அளவு கூடியும் குறைந்தும் திருத்தம் கண்டால், இரண்டையும் சேர்த்தே பாருங்கள். ஒன்றை மட்டும் ஏற்றி மற்றதை விட்டால் அந்த மழை இரண்டு முறை பெய்ததாகவோ பெய்யாததாகவோ ஆகிவிடும். டிசம்பர், ஜனவரி என்றால் இரண்டு ஆண்டுகளின் தொகையும் மாறும். அப்போது அடுத்த பத்தியையும், தேவைப்பட்டால் அடுத்த தாளையும் பார்க்க வேண்டும்.

சரி, வித்தியாசத்தின் அளவும் ஏதாவது சொல்லுமா? சொல்லும். பிரிட்டிஷ் அளவுக் குவளை வழக்கமாக அரை அங்குல மழையைத்தான் கொள்ளும். கனமழை நாளில் குவளையைப் பல முறை நிரப்பி எண்ண வேண்டும். ஒரு குவளை கூடுதலாக எண்ணிவிட்டால் 0.50 கூடும், இரண்டு என்றால் 1.00. நம் 3.47, 2.47 அப்படிப்பட்ட வித்தியாசமாக இருக்கலாம், படியெடுத்தபோது நேர்ந்த எழுத்துப் பிழையாகவும் இருக்கலாம். அருகில் உள்ள மற்ற மழைமானிகள் அந்த மாதம் என்ன காட்டின என்று பார்த்தால் எது நம்பத்தக்கது என்று ஓரளவு புரியும். ஆனால் அந்தத் தகவலை வைத்து மதிப்பை மாற்றக் கூடாது. அதைக் குறிப்பில் எழுதுங்கள். தாளில் இருப்பதை ஏற்றுவது ஒரு வேலை, அது உண்மையா என்று சோதிப்பது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே கட்டத்தில் கலந்துவிட்டால் பின்னால் வருபவரால் பிரித்தெடுக்க முடியாது.

அதனால்தான் அடித்த எண்ணையும் தொலைக்கக் கூடாது என்கிறேன். அதற்கென்று ஒரு தனிப் பத்தி வையுங்கள்:

```
மாதம்,மதிப்பு,அடித்தது,குறிப்பு
10,2.47,3.47,பென்சில் திருத்தம்; தொகை 31.86 பழையது
```

எழுதியதன் மேலேயே எழுதிய எண் இன்னும் சிரமம். 1.25-ஆ 1.75-ஆ என்று தெரியவில்லை என்றால், இங்கே கூட்டுத்தொகை உதவும். ஆனால் மேலே சொன்ன அதே எச்சரிக்கையோடு: தொகையும் அதே மையில் பின்னால் திருத்தப்பட்டிருந்தால் மட்டும் நம்பலாம். அடுத்து, அதே எழுத்தரின் மற்ற 7-களையும் 2-களையும் அதே தாளில் தேடிப் பாருங்கள். 7-ன் நடுவில் குறுக்குக் கோடு போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதை அடித்த எண் என்று எடுத்துக்கொண்டு கட்டத்தைக் காலியாக விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டில் எது என்று கடைசிவரை தெரியாவிட்டால் இரண்டையும் குறித்து மதிப்பைக் காலியாக விடுங்கள். 1.50 என்று சராசரி எடுத்துப் போட வேண்டாம். அந்த எண்ணை அந்தத் தாளில் யாருமே எழுதவில்லை.

அடித்துவிட்டு மேலே எதுவும் எழுதாமல் விட்டிருந்தால்? அது சுழி இல்லை. அந்த மாதத்துக்கு மதிப்பு இல்லை என்றுதான் பொருள். காலியாக விட்டு, அடித்த எண்ணைப் பக்கத்துப் பத்தியில் வையுங்கள். சுழி போட்டால் அந்த மாதம் ஒரு துளி மழைகூடப் பெய்யவில்லை என்று கணினி நம்பிவிடும். மழை அதிகமான ஊர்களில் அந்த ஒரு சுழி நூறு ஆண்டுக் குறைந்தபட்சமாகக்கூட ஏறிவிடும்.

பலர் ஒரே கட்டத்தை ஏற்றி, பெரும்பான்மையை எடுக்கும் முறை நல்லதுதான். ஆனால் அடித்தல் உள்ள கட்டத்தில் பெரும்பான்மை ஏமாற்றும். 3.47 பெரிதாகவும் கறுப்பாகவும் இருக்கிறது, 2.47 சிறிதாக மங்கியிருக்கிறது. நான்கு பேர் பார்த்தாலும் நான்கு கண்களும் முதலில் பெரியதில்தான் விழும். மூவர் 3.47 என்றும் ஒருவர் 2.47 என்றும் ஏற்றியிருந்தால், அந்த ஒருவர் என்ன பார்த்தார் என்று படத்தைத் திறந்து பாருங்கள்.