திரிகையில் ஒரு சுற்றுக்கு எவ்வளவு வேலை? வீட்டிலேயே அளக்கும் முறை

உளுந்து உடைக்கும் கல் திரிகையில் கைப்பிடியை விளிம்புப் பக்கம் தள்ளி வைத்தால் சுற்றுவது லேசாகிவிடும். ஆனால் செய்யும் வேலை குறைந்துவிடாது. இதை ஒரு கயிற்றையும் கொக்கித் தராசையும் வைத்து நீங்களே அளந்து பார்க்கலாம்.

தேவையானவை: திரிகை, ஊர்ப்பயணத்துக்குப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு, நாலு மீட்டர் பருத்திக் கயிறு, அளவு நாடா, ஒரு சாக்கு, கால் கிலோ காய்ந்த உளுந்து. இன்னொருவர் உதவிக்கு வேண்டும்.

1. ஆரங்களை அளங்கள். நடு முளையின் மையத்திலிருந்து கைப்பிடியின் மையம் வரை ஓர் அளவு. மேல்கல்லின் விளிம்பு வரை இன்னோர் அளவு. முளையின் ஓரத்திலிருந்து அளந்தால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் விட்டுப்போகும். நாம் எடுத்துக்கொள்ளும் திரிகையில் கைப்பிடி 12 செ.மீ., விளிம்பு 15 செ.மீ.

2. கீழ்கல்லை அசையாமல் வையுங்கள். அடியில் சாக்கைப் போட்டு, உதவிக்கு இருப்பவரைக் கீழ்கல்லைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கீழ்கல் வழுக்கினால் தராசு காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

3. உளுந்து போட்டு ஐந்து சுற்றுச் சுற்றுங்கள். கல்லிடுக்கில் தானியம் பரவிய பிறகுதான் அளக்க வேண்டும். வெறுங்கல்லைச் சுற்றாதீர்கள், கல் தேய்ந்து பொடி தானியத்தில் கலந்துவிடும்.

4. கயிற்றை மேல்கல்லின் விளிம்பில் மூன்று சுற்றுச் சுற்றுங்கள். தராசைக் கைப்பிடியிலேயே மாட்டி இழுக்கத்தான் முதலில் தோன்றும். ஆனால் கைப்பிடி வட்டமாகப் போகும், நம் கையோ நேராக இழுக்கும். ஆரத்துக்குச் செங்குத்தாக இழுக்கும் விசைதான் கல்லைத் திருப்பும். அந்தத் திசையிலிருந்து 30 டிகிரி விலகினாலே இழுப்பில் 87 சதவீதம்தான் பயன்படும், ஆனால் தராசு முழுவதையும் காட்டும். விளிம்பில் சுற்றிய கயிறு எப்போதும் ஆரத்துக்குச் செங்குத்தாகவே இழுக்கும் என்பதால் இந்தக் குழப்பமே வராது. கயிற்றைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். மேல்நோக்கி இழுத்தால் மேல்கல் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும்.

5. நிதானமாக இழுத்துக்கொண்டே பின்னால் நடங்கள். மூன்று சுற்றும் பிரிய சுமார் ஆறு விநாடி ஆகட்டும். கல் நகரத் தொடங்கும் நொடியில் தராசு கூடுதலாகக் காட்டும், அதை விட்டுவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது காட்டும் அளவே கணக்கு. மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள். இங்கே 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

6. கணக்கு. தராசு காட்டுவது கிலோ; விசை வேண்டுமென்றால் 9.8 ஆல் பெருக்க வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். 2 × 9.8 = 19.6 நியூட்டன். ஒரு சுற்றில் கயிறு நகரும் தூரம் விளிம்பின் சுற்றளவு.

```
W = 2πr × F
விளிம்பு:   2π × 0.15 × 19.6 = 18.5 J
கைப்பிடி:  F = 19.6 × 15/12 = 24.5 N
           2π × 0.12 × 24.5 = 18.5 J
```

ஆக, விளிம்பில் 2 கிலோ இழுப்பு, கைப்பிடியில் இரண்டரைக் கிலோ. ஒரு சுற்றுக்கான வேலை இரண்டிலும் 18.5 ஜூல். மேல்கல்லில் ஒரு கட்டையைக் கட்டி, 18 செ.மீ. தூரத்தில் பிடித்துச் சுற்றினால் 1.67 கிலோ இழுப்பே போதும். ஆனால் கை ஒரு சுற்றுக்கு 75 செ.மீ.க்குப் பதில் 113 செ.மீ. பயணம் செய்யும். விசையில் மிச்சமானது தூரத்தில் போய்விடுகிறது. கை சோர்ந்துபோகிறவர்களுக்கு நீளக் கட்டை உதவும், நேரம் மட்டும் மிச்சமாகாது.

அளவு சரியாக வராவிட்டால்

ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் எண் ஏறினால் அங்கே கல் மேடாக இருக்கிறது, அல்லது முளை ஆடுகிறது. எண் தொடர்ந்து அதிகமாகவே இருந்தால் தானியம் ஈரமாக இருக்கலாம், அல்லது வாயில் ஒரேயடியாக நிறையப் போட்டிருக்கலாம். ஒரு சிறு பிடியாகப் போட்டுப் பாருங்கள்.

எண் குறைந்தால் உடனே நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். கொத்து தேய்ந்து வழவழப்பான கல்லில் உளுந்து உடையாமல் வழுக்கிப் போகும். இழுப்பு குறையும், ஆனால் முழு உளுந்து வெளியே வந்துகொண்டே இருக்கும், மறுபடி போட்டுச் சுற்ற வேண்டும். அதனால் ஒரு கிலோ உடைக்க எத்தனை சுற்று ஆகிறது என்பதையும் எண்ணுங்கள். நன்றாகக் கொத்திய கல்லில் சுற்றுக்கு 18.5 ஜூல் வீதம் 300 சுற்று என்றால் 5,550 ஜூல். தேய்ந்த கல்லில் சுற்றுக்கு 14 ஜூல்தான், ஆனால் 500 சுற்று என்றால் 7,000 ஜூல். இந்தக் கணக்கு வந்தால் கல் கொத்துபவரைக் கூப்பிடலாம்.