வரி முறிந்த லிங்க்கும் வழி சொல்லாத நோட்டீசும்

போன வருடம் என் மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு நோட்டீஸ் அடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பட்டர்வொர்த் பக்கம் சின்னப் பள்ளிதான். விடுமுறை முகாமுக்கு ஆன்லைனில் ஒரு படிவம், அதன் முகவரியை அப்படியே தாளில் அச்சடித்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலையிலிருந்து போன். "அண்ணே, அந்த லிங்க் திறக்கவே மாட்டேங்குதே!"

தாளை எடுத்துப் பார்த்தேன். முகவரி ஒரு வரியில் அடங்காமல் இரண்டாவது வரிக்கு இறங்கியிருந்தது. முதல் வரி முடியும் இடத்தில் ஒரு சிறு கோடு. அது முகவரியிலேயே இருக்கும் கோடா, அல்லது வார்த்தை முறிவதைக் காட்டும் கோடா? பாதிப் பேர் கோட்டை விட்டுவிட்டுத் தட்டியிருந்தார்கள், மீதிப் பேர் கோட்டுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். அசல் முகவரியைத் திறந்து பார்க்கும் வரை எனக்கே விடை தெரியவில்லை. அந்தக் கோடு முகவரியில் உள்ளதுதான். இணைய முகவரி எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் ஆவணம் ஒன்று உண்டு, RFC 3986 என்று பெயர், 2005இல் வந்தது. வரி முறியும் இடத்தில் உள்ள கோடு முகவரியைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம், அச்சில் தவறாக நுழைந்ததாகவும் இருக்கலாம் என்று அதன் பின்னிணைப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆக, இது எனக்கு மட்டும் வந்த சோதனை இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். லிங்க் இரண்டு வரியில் தெரிகிறது என்பதாலேயே அது முறிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வாட்ஸ்அப்பில் நீளமான முகவரி மூன்று வரிக்குக்கூட ஓடும். அது போன் திரையின் அகலத்துக்காக மடிக்கப்பட்டது, உள்ளே முகவரி ஒரே கோர்வைதான், தொட்டால் திறக்கும். முகவரிக்கு நடுவில் உண்மையான வரி மாற்றமோ இடைவெளியோ நுழைந்தால்தான் அது முறிவு. பிடிஎஃப் கோப்பிலிருந்து நகல் எடுக்கும்போதும், சில பழைய மின்னஞ்சல் செயலிகள் வரியைக் குறிப்பிட்ட எழுத்துக்கணக்கில் வெட்டும்போதும், தாளைப் பார்த்துக் கையால் தட்டும்போதும் இது நடக்கிறது. கண்டுபிடிப்பது சுலபம். நீல நிறமும் அடிக்கோடும் கடைசி எழுத்து வரை போகின்றனவா என்று பாருங்கள். முதல் வரியோடு நின்றுவிட்டால் முறிந்துவிட்டது.

தமிழ்த் தலைப்புள்ள பக்கங்களில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. தமிழ் விக்கிப்பீடியாவில் பினாங்கு கட்டுரையைத் திறந்து முகவரியை நகல் எடுத்துப் பாருங்கள். மேலே முகவரிப் பட்டையில் பினாங்கு என்று அழகாகத் தமிழில் தெரியும். ஒட்டும்போது பெரும்பாலும் இப்படி வந்து விழும்:

```
https://ta.wikipedia.org/wiki/%E0%AE%AA%E0%AE%BF%E0%AE%A9%E0%AE%BE%E0%AE%99%E0%AF%8D%E0%AE%95%E0%AF%81
```

கணினிக்குப் பினாங்கு என்பது எட்டுக் குறிகள்: ப, இகரக் குறி, ன, கால், ங, புள்ளி, க, உகரக் குறி. ஒவ்வொரு குறியும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக மாறுகிறது. எட்டுக் குறி, குறிக்கு ஒன்பது எழுத்து, ஆக 72. முன்னால் உள்ள 30 எழுத்தையும் சேர்த்தால் 102. ஒரே ஒரு ஊர்ப் பெயருக்கு!

இதை ஒரு மின்னஞ்சல் 75ஆவது எழுத்தில் வெட்டியது என்று வைத்துக்கொள்வோம். முதல் வரியில் ங வரைக்கும்தான் இருக்கும். அதைத் தொட்டால் 'பினாங' என்ற பக்கம் தேடப்படும், அப்படி ஒரு கட்டுரையே இல்லை என்று பதில் வரும். தலைப்பு அரைகுறையாக நின்றால் முறிவு என்று உடனே புரிந்துவிடும். எனக்குப் பயம் இன்னொரு வகையில்தான். முறிந்த பாதியே ஒழுங்காகத் திறந்துகொள்ளும் நேரம் உண்டு. தளப் பெயருக்குப் பின் வரும் சாய்கோட்டோடு வெட்டுப்பட்டால் முகப்புப் பக்கம் எந்தத் தடையும் இல்லாமல் திறக்கும். பெறுகிறவர் சரியான இடத்துக்கு வந்துவிட்டதாக நினைத்து, அங்கே இல்லாத தகவலைத் தேடிக்கொண்டே இருப்பார்.

'சரி, சதவீதக் குறிகளை நீக்கிவிட்டுத் தமிழிலேயே எழுதிவிட்டால்?' என்று கேட்கலாம். பிரவுசரில் தட்டினால் திறக்கும். ஆனால் செய்திக்குள் சில செயலிகள் உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. முதல் உயிர்க்குறி வந்த இடத்திலேயே லிங்க்கை நிறுத்திவிடும். அனுப்பும் முன் ஒருமுறை உங்களுக்கே அனுப்பித் தொட்டுப் பாருங்கள்.

தமிழில் எழுதுகிற நமக்கென்றே ஒரு தவறு இருக்கிறது, வேற்றுமை உருபு. ktmb.com.myஇல் பாருங்கள், ktmb.com.myக்குப் போங்கள் என்று எழுதுகிறோம். இலக்கணப்படி சரி. ஆனால் முகவரி எங்கே முடிகிறது என்று செயலிக்கு எப்படித் தெரியும்? சில செயலிகள் அந்த 'இல்'லையும் சேர்த்து லிங்க்காக்கும், பிறகு அப்படி ஒரு தளமே இல்லை என்று சொல்லும். நடுவில் கோடு போட்டு -இல் என்று எழுதினாலும் உத்தரவாதம் இல்லை. வாக்கியம் முடிகிற இடத்தில் முகவரியை ஒட்டி முற்றுப்புள்ளி வைப்பதிலும் இதே ஆபத்து கொஞ்சம் உண்டு. தளம் என்ற சொல்லைச் சேர்த்து உருபை அதற்குக் கொடுத்துவிடுங்கள்: ktmb.com.my தளத்தில் பாருங்கள். முகவரியைச் சுற்றி இரண்டு பக்கமும் இடைவெளி கிடைத்துவிடும்.

எஸ்.எம்.எஸ். கதை வேறு. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. ஒரே ஒரு தமிழ் எழுத்து கலந்தாலும் முழுச் செய்தியும் 70க்கு இறங்கிவிடும். பல துண்டாகப் போனால் துண்டுக்கு 67தான். மேலே உள்ள 102 எழுத்து முகவரியோடு நாற்பது குறிகளில் தமிழ் வாசகம் சேர்த்தால் மூன்று துண்டு. போன் அவற்றை ஒட்டிக் காட்டும்தான், ஆனால் மொத்தமாக அனுப்பும் சேவைகளில் சில, துண்டுகளைத் தனித்தனிச் செய்தியாக அனுப்பிவிடும். அப்போது லிங்க் நடுவில் அறுந்துபோகும்.

அதைவிடப் பெரிய விஷயம், மலேசியாவில் இப்போது எஸ்.எம்.எஸ்.ஸில் லிங்க்கே போகாது. மோசடியைத் தடுக்க தொடர்பு, பல்லூடக ஆணையம் இந்தத் தடையை 2023இல் தனிநபர் செய்திகளில் தொடங்கியது. 2024 செப்டம்பர் 1 முதல் நிறுவனங்கள் அனுப்பும் செய்திகளிலும் லிங்க் இருந்தால் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தடுக்கின்றன. ஆகவே எஸ்.எம்.எஸ். என்றால், லிங்க் கொடுக்காமல் பக்கத்துக்கு எப்படிப் போவது என்று வழி சொல்வதுதான் ஒரே வழி. பினாங்கு கட்டுரைக்கு நான் எழுதுவது இதுதான்:

```
தமிழ் விக்கிப்பீடியாவில் பினாங்கு என்று தேடவும்
```

47 குறிகள். ஒரே செய்தியில் அடங்கிவிடும், அறுந்துபோக எதுவும் இல்லை.

ஆனால் வழி சொல்வதிலும் தவறு செய்கிறோம். இங்கே நான் அதிகம் பார்ப்பது, தளத்தில் இருக்கும் சொல்லைத் தமிழில் மொழிபெயர்த்து எழுதுவது. 'பதிவிறக்கம் பகுதிக்குச் சென்று படிவத்தை எடுக்கவும்' என்று நோட்டீஸ் சொல்கிறது. அம்மா போனைத் திறக்கிறார். திரையில் Muat Turun என்று இருக்கிறது, Borang என்று இருக்கிறது. பதிவிறக்கம் எங்கே? மலாய் நன்றாகத் தெரிந்தவர்தான், ஆனால் அவர் கண் தேடுவது நோட்டீசில் படித்த சொல்லை. நல்ல தமிழில் எழுத வேண்டும் என்ற ஆசையில் நானே இதைப் பலமுறை செய்திருக்கிறேன். திரையில் உள்ள சொல்லை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள்: Muat Turun என்பதைத் தொட்டு, அடுத்து Borang. தமிழ் விளக்கம் வேண்டுமானால் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். தளத்தை ஆங்கிலத்துக்கு மாற்றும் வசதி இருந்தால், எந்த மொழியில் பார்த்துச் சொல்கிறீர்கள் என்றும் ஒரு வார்த்தை வேண்டும்.

'வலப்பக்கம் மேலே' என்பதும் வேண்டாம். கணினியில் மேலே வரிசையாகத் தெரியும் பட்டியல், போனில் மூன்று கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும். நோட்டீஸ் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது போன்தான், அதனால் போனிலேயே ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். 'கூகலில் தேடினால் முதலில் வரும்' என்று எழுதுவது இன்னும் மோசம். முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம், போலித் தளமாகவும் இருக்கலாம். அரசாங்கப் பக்கம் என்றால் தளப் பெயர் .gov.my என்று முடிய வேண்டும் என்பதைச் சேர்த்துச் சொன்னால் போதும். கடைசியில் அடையாளம் ஒன்று கொடுங்கள்: பக்கத்தின் தலைப்பு என்ன, வந்து சேர்ந்ததும் முதலில் கண்ணில் படுவது என்ன. அது இல்லாவிட்டால் வந்துவிட்டோமா என்று யாருக்கும் தெரியாது.

எல்லாவற்றுக்கும் வழி சொல்ல முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் முகாம் படிவம் அப்படித்தான். கூகல் ஃபார்ம் முகவரி என்பது பொருளில்லாத எழுத்துகளின் நீண்ட சரம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடும் முக்கியம். அதற்குப் பட்டியலும் இல்லை, தேடினாலும் கிடைக்காது. அங்கே படிவத்தை அனுப்பும் இடத்திலேயே முகவரியைச் சுருக்கும் வசதி இருக்கிறது, forms.gle என்று தொடங்கும் குட்டி முகவரி கிடைக்கும். வாட்ஸ்அப்புக்கு அது, தாளுக்கு க்யூஆர் கட்டம். வேறு சுருக்கு முகவரிகளை நான் தவிர்க்கிறேன். எங்கே கொண்டுபோகும் என்று தெரியாததால் நம் ஆட்கள் இப்போது அவற்றைத் தொடவே பயப்படுகிறார்கள், அந்தப் பயம் நியாயமானதும்கூட.

இன்னொன்று, முகவரி நீளமாக இருப்பதற்குக் காரணம் சில நேரம் வெறும் வால்தான். முகநூலிலிருந்து திறந்த பக்கத்தில் கேள்விக்குறிக்குப் பின் fbclid என்று தொடங்கி ஒரு முழ நீளத்துக்குப் போகும். utm_source என்று வருவதும் அதே இனம். நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று கணக்கெடுக்கத்தான் அவை. வெட்டிவிட்டுத் திறந்து பாருங்கள், பக்கம் வரும். கேள்விக்குறிக்குப் பின் id என்று இருந்தால் மட்டும் கை வைக்காதீர்கள், பல தளங்களில் எந்தப் பக்கம் என்று சொல்வதே அதுதான்.

இந்த வருட முகாம் நோட்டீசில் படிவத்துக்குக் கட்டம் போட்டேன். உடன் வேண்டிய ஓர் அரசாங்கப் பாரத்துக்கு மட்டும் தளப் பெயரும் மூன்று படியும் எழுதினேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் பக்கத்து வீட்டு அக்காவிடம் தாளை நீட்டி, நான் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது படியில் நின்றுவிட்டார். "எங்கப்பா இருக்கு இந்த மெனு?" மூன்று கோடுகளைத் தொடவும் என்று ஒரு வரி சேர்த்தேன். அப்புறம் அச்சுக்குப் போனது.