போக்குவரத்து அட்டவணையில் இலாபத்தைப் பெருக்குதல்: வாய்ப்பு இழப்பு வழியாக ஒரு செய்முறை

பல கிடங்குகளிலுள்ள சரக்கைப் பல ஊர்களின் தேவைக்கேற்பப் பகிர்ந்தனுப்பும் போக்குவரத்துக் கணக்கிற்கான வழக்கமான முறைகள் அனைத்தும் செலவைக் குறைப்பதற்காக அமைந்தவை. கட்டங்களில் செலவுக்குப் பதிலாக இலாபம் தரப்பட்டிருந்தால், அந்த எண்களை முதலில் வாய்ப்பு இழப்பாக மாற்றிக்கொண்டு, பிறகு அதே முறைகளைப் பயன்படுத்தலாம். மஞ்சள் மூட்டைகளை அனுப்பும் ஒரு வணிகரின் கணக்கைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கட்டங்களில் இருப்பது ஒரு மூட்டைக்கான நிகர இலாபம், அதாவது விற்பனை விலையிலிருந்து கொள்முதல் விலையையும் லாரி வாடகையையும் கழித்த தொகை, ரூபாயில்.

| கிடங்கு | சென்னை | பெங்களூரு | இருப்பு |
|---|---|---|---|
| ஈரோடு | 90 | 75 | 40 |
| சேலம் | 80 | 60 | 30 |
| தருமபுரி | 70 | 85 | 30 |
| தேவை | 50 | 35 | |

படி 1: சமப்படுத்துதல். இருப்பு 100 மூட்டை, தேவை 85 மூட்டை. மீதி 15 மூட்டைக்காக ஒரு போலி நிரலைச் சேர்க்க வேண்டும். விற்காத மூட்டைக்கு இலாபம் இல்லை என்று கொள்வதால், அந்த நிரலின் மூன்று கட்டங்களிலும் இலாபம் 0 ஆகும்.

படி 2: மாற்றுதல். அட்டவணையிலேயே மிகப் பெரிய இலாபமான 90-இலிருந்து ஒவ்வொரு கட்டத்தின் இலாபத்தையும் கழிக்கிறோம். கிடைக்கும் எண், அந்த மூட்டை மிகச் சிறந்த வழியில் செல்லாததால் கைநழுவும் தொகை.

| கிடங்கு | சென்னை | பெங்களூரு | போலி |
|---|---|---|---|
| ஈரோடு | 0 | 15 | 90 |
| சேலம் | 10 | 30 | 90 |
| தருமபுரி | 20 | 5 | 90 |

இந்த மாற்றம் ஏன் செல்லும் என்பதை ஒருமுறை புரிந்துகொண்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. போலி நிரலையும் சேர்த்தால், எந்தத் தீர்விலும் ஒதுக்கப்படுவது சரியாக 100 மூட்டைகள்தான். ஆகவே மொத்த இலாபம் எப்போதும் 90 × 100 கழித்தல் மொத்த இழப்பு. 9000 மாறாமல் இருப்பதால், இழப்பு மிகக் குறையும் இடத்திலேயே இலாபம் மிக உயர்கிறது.

படி 3: தொடக்கத் தீர்வு. வோகல் முறையில், ஒவ்வொரு வரிசையிலும் நிரலிலும் உள்ள இரண்டு மிகச் சிறிய எண்களின் வேறுபாட்டைக் காண்கிறோம். சேலம் வரிசையின் வேறுபாடான 20 மிகப் பெரியது என்பதால், அவ்வரிசையில் மிகச் சிறிய எண்ணுள்ள சேலம்–சென்னை கட்டத்தில் 30 மூட்டைகளை இடுகிறோம். இவ்வாறே தொடர்ந்தால் ஈரோடு–சென்னை 20, தருமபுரி–பெங்களூரு 30, ஈரோடு–பெங்களூரு 5, ஈரோடு–போலி 15 என்று அமையும். ஒதுக்கப்பட்ட கட்டங்கள் ஐந்து. வரிசைகள், நிரல்களின் கூட்டுத்தொகையில் ஒன்று குறைந்த 3 + 3 − 1 என்பதும் ஐந்தே, எனவே மோடி முறையில் சோதிக்கலாம்.

படி 4: உகந்ததா என்ற சோதனை. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு u, ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு v என்று வைத்து, ஒதுக்கப்பட்ட கட்டங்களில் u + v அந்தக் கட்டத்தின் இழப்புக்குச் சமமாகும்படி அவற்றைக் காண்கிறோம். ஈரோட்டின் u மதிப்பை 0 என்று வைத்தால், சென்னை, பெங்களூரு, போலி நிரல்களின் v மதிப்புகள் முறையே 0, 15, 90. சேலத்தின் u 10, தருமபுரியின் u −10. காலிக் கட்டம் ஒவ்வொன்றிலும் இழப்பிலிருந்து u, v இரண்டையும் கழிக்கிறோம். சேலம்–போலி கட்டத்தில் 90 − 10 − 90 = −10 வருகிறது; மற்ற காலிக் கட்டங்களில் நேர்ம எண்களே வருகின்றன. இழப்பு அட்டவணையில் எதிர்ம எண் தென்பட்டால் தீர்வை இன்னும் மேம்படுத்த முடியும். இலாபத்தைத் தேடுகிறோம் என்ற நினைப்பில் பலர் இந்த விதியைத் திருப்பிவிடுகிறார்கள். மாற்றம் முடிந்த பின் கணக்கு முழுவதும் செலவுக் கணக்காகவே நடக்கிறது.

இப்போது சேலம்–போலி, சேலம்–சென்னை, ஈரோடு–சென்னை, ஈரோடு–போலி என்ற சுற்றில் 15 மூட்டைகளை நகர்த்துகிறோம். ஈரோட்டிலிருந்து சென்னைக்கு 35, பெங்களூருவுக்கு 5; சேலத்திலிருந்து சென்னைக்கு 15; தருமபுரியிலிருந்து பெங்களூருவுக்கு 30 என்றாகி, சேலத்திலேயே 15 மூட்டைகள் தங்குகின்றன. மீண்டும் சோதித்தால் காலிக் கட்டங்களில் 10, 5, 30, 20 ஆகியவை வருவதால், இதுவே உகந்த தீர்வு.

படி 5: இலாபத்துக்குத் திரும்புதல். விடையை மூல அட்டவணையிலிருந்தே எழுத வேண்டும்: 35 × 90 + 5 × 75 + 15 × 80 + 30 × 85 = 7275 ரூபாய். மொத்த இழப்பு 1725. 9000 − 1725-உம் 7275 என்பதால் கணக்கு ஒத்துப்போகிறது.

இந்த ஒப்புமை பொய்த்தால் பெரும்பாலும் போலி நிரலில்தான் காரணம் இருக்கும். மாற்றிய பிறகு அந்த நிரலைச் சேர்த்து 0 இட்டிருந்தால், ஒரே நிரல் முழுவதும் 90 குறைவதால் உகந்த ஒதுக்கீடு மாறாது, ஆனால் இழப்பு 375 என்று வந்து, இலாபம் 8625 என்ற பொய்யான தொகை கிடைக்கும். செல்லவே கூடாத வழி ஒன்று இருந்தால் நிலைமை வேறு: அதற்கு இலாபம் 0 என்று எழுதினால் இழப்பு வெறும் 90 ஆகி, அந்த வழி ஒதுக்கீட்டில் நுழைந்துவிடக்கூடும். அதனால் மாற்றத்துக்குப் பின், அந்தக் கட்டத்தில் மட்டும் M என்ற மிகப் பெரிய இழப்பை இட வேண்டும்.