பேங்க் ஆப் திறக்கவில்லையா? ஆப்பை நீக்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் சித்தி மகன் கூப்பிட்டான். "அண்ணா, பேங்க் ஆப் திறக்கவே மாட்டேங்குது. போன் பாதுகாப்பா இல்லைன்னு சொல்லுது. வைரஸா இருக்குமோ?" திரையில் வந்த வரி என்ன என்று கேட்டேன். முழுதாகப் படிக்கவில்லை, ஏதோ டெவலப்பர் என்று இருந்தது என்றான். அதற்குள் ஆப்பை நீக்கிவிட்டு பிளே ஸ்டோரில் இருந்து மறுபடி ஏற்றியும் பார்த்துவிட்டான். மறுபடியும் அதே வரி, அதே ஓகே பட்டன். அமுக்கினால் ஆப் மூடிக்கொள்கிறது.

விஷயம் ஒரே ஒரு சுவிட்ச். போனை வேகமாக்கும் வழி என்று யாரோ போட்ட வீடியோவைப் பார்த்து, About phone பக்கத்தில் Build number என்ற வரியை ஏழு தடவை தட்டியிருக்கிறான். அப்போது திறந்துகொண்ட, ஆப் எழுதுபவர்களுக்கான Developer options பக்கத்தில் animation scale எல்லாவற்றையும் 0.5 ஆக்கிவிட்டு மறந்துவிட்டான். அணைப்பதற்குப் பத்து வினாடி போதும். ஆனால் ஆப்பை நீக்கியதுதான் அவனைத் திங்கட்கிழமை வரை இழுத்தடித்தது.

பேங்க் ஆப்பும் யூபிஐ ஆப்பும் வெறும் பாஸ்வேர்டை நம்பி ஓடுபவை அல்ல. முதல் முறை பதிவு செய்யும்போது உங்கள் சிம்மில் இருந்து ஒரு எஸ்எம்எஸ் போய், இந்த நம்பர் இந்த போனில்தான் இருக்கிறது என்று வங்கியிடம் முடிச்சுப் போட்டுவிடும். ஆப்பை நீக்கினாலும், Clear data அமுக்கினாலும் அந்த முடிச்சு அவிழ்ந்துவிடும். மறுபடி போட வேண்டுமானால் வங்கியில் பதிவான சிம் அதே போனில் இருக்க வேண்டும், அதில் எஸ்எம்எஸ் வெளியே போக வேண்டும், பெரும்பாலும் டெபிட் கார்டும் கையில் இருக்க வேண்டும். இவனுக்கு ரீசார்ஜ் முடிந்து எஸ்எம்எஸ் போகவில்லை. கார்டு ஊரில் அம்மாவிடம். போதாக்குறைக்கு, புதிதாகப் பதிவு செய்ததும் முதல் 24 மணி நேரத்துக்கு யூபிஐயில் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாத கட்டுப்பாடு வேறு. வாடகை கட்டும் வாரத்தில் இது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே முதல் தவறு, காரணம் தெரிவதற்கு முன்பே ஆப்பை நீக்குவது. ஆப் சொல்வது தன்னைப் பற்றி அல்ல, போனைப் பற்றி. ஆப்பை எத்தனை முறை மாற்றி ஏற்றினாலும் போன் அதேதான்.

அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது?

ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஆப் விடாது என்றால் இன்னொரு போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரியில் Developer options என்றோ USB debugging என்றோ இருந்தால் அது சின்ன விஷயம். rooted, compromised, device integrity போன்ற சொற்கள் இருந்தால் அது வேறு கதை. இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. சில வங்கிகள் வெறும் எர்ரர் நம்பரை மட்டும் காட்டி வெறுப்பேற்றும். அப்போது சின்னதில் இருந்து தொடங்குவதே நல்லது.

டெவலப்பர் ஆப்ஷன்ஸ் ஆன் ஆகியிருப்பதை ஆப் கண்டுபிடிப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஆண்ட்ராய்டின் பொது செட்டிங்குகளில் development_settings_enabled, adb_enabled என்று இரண்டு மதிப்புகள் இருக்கின்றன. எந்த ஆப்பும் அனுமதி கேட்காமலே அவற்றைப் படிக்கலாம். 1 என்றால் ஆன், 0 என்றால் ஆஃப். சில வங்கிகள் இரண்டாவதை மட்டும் பார்க்கும், சில இரண்டையும் பார்க்கும். அதனால்தான் யூஎஸ்பி டீபக்கிங்கை மட்டும் அணைத்த ஒருவருக்கு ஆப் திறக்கும், இன்னொரு வங்கி ஆப் வைத்திருக்கும் அவர் மனைவிக்குத் திறக்காது.

வங்கிக்கு இதில் என்ன பயம்? டீபக்கிங் ஆன் ஆன போனை கம்ப்யூட்டரில் செருகி அனுமதியும் கொடுத்துவிட்டால், அங்கிருந்தே ஆப் ஏற்றலாம், திரையில் எந்த இடத்தையும் தட்ட வைக்கலாம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் டீபக்கிங்கைத் தொடாமல் அனிமேஷனை மட்டும் குறைத்தவனையும் சேர்த்து வெளியே தள்ளுவது கொஞ்சம் அதிகம்தான் என்பது என் கருத்து. வேலைக்காகத் தினமும் டீபக்கிங் போட்டு, பணம் அனுப்பும் முன் அணைத்து, மறுபடி போட்டு அலுத்துப்போன ஒருவன் சொல்கிறேன்.

அணைக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு சுவிட்சாகத் தேட வேண்டாம். Developer options பக்கத்தின் உச்சியில் இருக்கும் பெரிய சுவிட்சை அணைத்தால் டீபக்கிங்கும் சேர்ந்து அணையும். பெரும்பாலான போன்களில் Settings, அதில் System, அதற்குள் இந்தப் பக்கம் இருக்கும். சில கம்பெனிகள் Additional settings என்பதற்குள் ஒளித்து வைத்திருக்கும். செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் developer என்று தட்டினால் வந்துவிடும். அனிமேஷன் வேகமும் பல போன்களில் பழையபடி 1 ஆகிவிடும்.

அணைத்த பிறகும் சிலர் "அப்படியும் வரலை" என்பார்கள். பின்னால் உயிரோடு இருக்கும் ஆப் பழைய முடிவையே பிடித்துக்கொண்டிருக்கலாம். ஐகானை அழுத்திப் பிடித்து App info போய் Force stop கொடுங்கள், அப்புறம் திறங்கள். அந்தப் பக்கத்திலேயே Storage என்பதற்குள் Clear data இருக்கும். அதன் பக்கம் கை போகக் கூடாது, காரணம் மேலே சொன்னதுதான்.

ரீசெட் செய்தும் போகாத கோளாறு

இப்போது கனமான வகை. ஆபீஸ் நண்பர் ஒருவர் செகண்ட் ஹேண்டில் போன் வாங்கினார். விலை குறைவு, ஆண்ட்ராய்டு புதியது, எல்லாம் நன்றாக ஓடியது, பேங்க் ஆப் தவிர. டெவலப்பர் ஆப்ஷன்ஸ் அணைந்தே இருந்தது. இரண்டு முறை ஃபேக்டரி ரீசெட் போட்டார். போட்டோக்கள் போனதுதான் மிச்சம்.

போனை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னேன். கம்பெனி லோகோ வருவதற்கு முன் ஒரு நொடி, போன் துவங்கும்போது சிஸ்டத்தை ஏற்றும் பூட்லோடர் என்ற நிரல் பூட்டாமல் திறந்திருக்கிறது என்று ஒரு எச்சரிக்கை வந்து போனது. அவர் அதை விளம்பரம் மாதிரி பார்த்துப் பழகிவிட்டிருந்தார். முன்பு வைத்திருந்தவர் பூட்லோடரைத் திறந்து, கம்பெனியுடையதல்லாத கஸ்டம் ரோம் போட்டு விற்றிருக்கிறார். ஃபேக்டரி ரீசெட் உங்கள் டேட்டாவைத்தான் அழிக்கும். சிஸ்டம் பகுதியை அது தொடாது, பூட்லோடரையும் பூட்டாது. அதனால்தான் இரண்டு முறை போட்டும் பலன் இல்லை.

இந்த நிலையை உறுதி செய்ய, கம்ப்யூட்டரில் adb என்ற கூகுளின் கருவி இருந்தால் ஒரே வரி போதும். தமாஷ் என்னவென்றால், இதற்கு யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்தாக வேண்டும். பார்த்து முடித்ததும் அணைத்துவிடுங்கள்.

```
adb shell getprop ro.boot.verifiedbootstate
```

green என்று வந்தால் பூட்டப்பட்ட, கம்பெனி சிஸ்டம். orange என்றால் பூட்லோடர் திறந்திருக்கிறது. yellow என்றால் பூட்டியிருக்கிறது, ஆனால் சிஸ்டம் கம்பெனியுடையதல்ல, வேறொருவரின் டிஜிட்டல் சாவியில் கையெழுத்தானது. கிராபீன் ஓஎஸ் போன்ற மாற்று ஆண்ட்ராய்டுகள் இந்த வகை. பாதுகாப்பில் குறையே இல்லாவிட்டாலும் சில பேங்க் ஆப்கள் அதையும் ஏற்காது. கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் பிளே ஸ்டோரில் Settings, அதில் About போய், Play Protect certification வரியைப் பார்க்கலாம். சான்று இல்லை என்று இருந்தால் சந்தேகம் உறுதி.

இங்கே ஆப் படிப்பது செட்டிங் மதிப்பை அல்ல. கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி வழியாக, போனின் பாதுகாப்பு சிப் கொடுக்கும் சான்றை கூகுள் சரிபார்த்து முடிவு சொல்கிறது. ரூட் என்பது போனின் சிஸ்டம் முழுவதையும் ஆளும் அனுமதி. ரூட் செய்த போனில் அந்த அனுமதி பெற்ற எந்த ஆப்பும் பேங்க் ஆப்பின் உள் கோப்புகளைப் படித்துவிட முடியும் என்பதால் வங்கிகள் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. 2021 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட டிஜிட்டல் பேமென்ட் பாதுகாப்பு விதிகளும், ரூட் ஆன போனில் ஆப்பைத் தடுக்கும் சோதனையை வைக்க முடியுமா என்று பார்க்கும்படி வங்கிகளுக்குச் சொல்கின்றன.

ரூட்டை மறைக்கும் மாட்யூல்கள் இருக்கின்றனவே என்று கேட்பார்கள். இருக்கின்றன, ஓடவும் செய்கின்றன, கொஞ்ச நாளைக்கு. அவற்றில் பல, எங்கிருந்தோ கசிந்த வேறொரு போனின் சாவியைக் காட்டித்தான் தப்பிக்கின்றன. கூகுள் அந்தச் சாவியை ரத்து செய்யும் அன்று காலை உங்கள் ஆப் நின்றுவிடும். 2025 மே முதல் ஆண்ட்ராய்டு 13 மற்றும் அதற்கு மேற்பட்ட போன்களில் இந்தச் சோதனை இன்னும் இறுகியிருக்கிறது. ரூட் உங்களுக்கு அவ்வளவு முக்கியம் என்றால், பேங்குக்குத் தனியாக ஒரு சாதாரண போன் வைத்துக்கொள்வது மேல்.

இதைவிட மோசமான குறுக்குவழி, "ரூட் செக் நீக்கிய பேங்க் ஆப்" என்று டெலிகிராமில் சுற்றும் ஏபிகே. சோதனையை நீக்கத் தெரிந்தவருக்கு, நீங்கள் தட்டும் பின் நம்பரை வேறு இடத்துக்கு அனுப்பும் நாலு வரியைச் சேர்க்கவும் தெரியும்.

சரி, பூட்லோடரைப் பூட்டிவிட்டால் போகிறது என்று நண்பர் உடனே அதைச் செய்யும் fastboot என்ற கம்ப்யூட்டர் கருவியைத் தேடிக் கிளம்பினார். அதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. கஸ்டம் ரோம் உள்ளே இருக்கும்போது பூட்டினால், போன் துவங்கும்போதே சிஸ்டத்தின் கையெழுத்து பொருந்தாமல் நின்றுவிடும். அப்புறம் அது செங்கல்தான். சீனாவில் விற்க வந்த மாடலில் குளோபல் ரோம் போட்டிருந்தாலும் இதே கதி நேரலாம். முதலில் அந்த மாடலுக்கும் அந்த நாட்டுக்கும் உரிய கம்பெனி ஃபர்ம்வேரை முழுதாக ஏற்ற வேண்டும். ஒருமுறை ஒழுங்காகத் துவங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பூட்டு. பூட்டும்போது டேட்டா முழுக்க அழியும் என்பதால் பேக்கப் முன்பே வேண்டும். சாம்சங் போன்களில் இதற்குப் பிறகும் நாக்ஸ் என்ற அடையாளம் பழைய நிலைக்குத் திரும்பாது. அதை நம்பி ஓடும் செக்யூர் ஃபோல்டர் போன்றவை போனது போனதுதான்.

நண்பர் கடைசியில் போனை அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலேயே கொடுத்தார். ஃபர்ம்வேர் ஏற்றிப் பூட்டிக் கொடுத்தார்கள். அந்த இரண்டு நாளும் நெட் பேங்கிங்கை லேப்டாப்பில் பார்த்துக்கொண்டார். சின்னத் தொகைகளுக்கு வங்கியில் பதிவான சிம்மை பழைய பட்டன் போனில் போட்டு *99# அடித்தார். ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை அதில் அனுப்பலாம், இன்டர்நெட்டும் வேண்டாம். போன் திரும்பி வந்ததும் லோகோவுக்கு முன் வரும் எச்சரிக்கை காணாமல் போயிருந்தது. ஆப்பைத் திறந்தார், எஸ்எம்எஸ் போனது, கார்டு நம்பரைக் கேட்டது.