பாரில் மாட்டிய வலையை இழுத்து அறுக்காதீர்கள்

நாகமரையிலிருந்து மண்டபம் பக்கம் நண்டு வலைக்குப் போன இரண்டு தம்பிகள் பொங்கலுக்கு ஊர் வந்தார்கள். "அண்ணா, நாலு வலை போச்சு" என்றார்கள். கடலடிப் பாறைத் திட்டான பாரில் மாட்டியதாம், எஞ்சினைப் போட்டு இழுத்தார்களாம், அறுந்துவிட்டதாம். நான் அங்கே வேலை செய்த முதல் வருடம் இதையேதான் செய்தேன்.

இழுத்து அறுப்பது

இது மேட்டூர் அணைத் தண்ணீரில் நமக்கு ஒட்டிய பழக்கம். இங்கே வலை மரக்கட்டையில் மாட்டினால் இழுப்போம், அறுந்தால் விட்டுவிடுவோம். கோடையில் தண்ணீர் இறங்கும்போது அது தானாகத் தெரியும், எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் அதில் மாட்டிச் செத்த மீனை யாரும் கணக்கில் வைப்பதில்லை. கடலில் தண்ணீர் இறங்கி வலை வெளியே வரப்போவதில்லை.

அன்று என் வலையின் மேல் கயிறு அறுந்து மூன்று துண்டு அடியில் நின்றுவிட்டது. ஒரு மாதம் கழித்து இன்னொரு படகுக்காரர் அதில் ஒரு துண்டை இழுத்துக் கொண்டுவந்தார். பாதி அழுகிய நண்டுகள், அவற்றைத் தின்ன வந்து மாட்டிய நண்டுகள், நடுவில் ஓர் ஆமை. மூச்சு வாங்க மேலே வர முடியாமல் செத்திருந்தது. நைலான் மக்காது. ஈயம் வலையை அடியில் பிடித்து வைக்கும், மிதவை மேலே தூக்கி நிறுத்தும், செத்தது அடுத்ததற்கு இரையாகும். பாசி படிந்து வலை சாய்ந்தால் மீன் மாட்டுவது குறையும், ஆனால் நண்டு அப்போதும் மாட்டும்.

மாட்டியதும் எஞ்சினை நிறுத்துங்கள். மறுமுனைக்குப் போய் அங்கிருந்து கையால் ஏற்றி வாருங்கள். பக்கவாட்டில் இழுத்தால் கண்ணி பாறையில் இன்னும் இறுகும். மாட்டிய இடத்துக்கு நேர் மேலே நின்று கயிற்றைத் தளர்த்தி, அலை தூக்கும்போது மேல்நோக்கி இழுத்தால் பல நேரம் கழன்றுவிடும். அப்படியும் வரவில்லையென்றால் இருபுறமும் வெட்டுங்கள். இரண்டு பக்கத்து வலையும் வீடு வரும், அடியில் மிஞ்சுவது சில அடி மட்டும். அந்த மிச்சத்தில் கயிறு கட்டி மிதவை விட்டு, ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்து, கரையில் சொல்லுங்கள். முக்குளிப்பவர் அதைத் துண்டு துண்டாக வெட்டி எடுக்கலாம். கொக்கி போட்டு இழுத்தால் பவளம் உடையும்.

தனியாக முங்குவது

கூடாது. அந்த வலை ஆளையும் பிடிக்கும்.

நண்டு பிடிக்கும் கூட்டை முழுக்க நைலானால் கட்டுவது

ஒரு பக்கத்தை மட்டும் பருத்தி நூலால் கட்டுங்கள். கூடு தொலைந்தால் நூல் மக்கி அந்தப் பக்கம் திறந்துகொள்ளும், உள்ளே இருப்பது வெளியே போய்விடும். நூலை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும், அது உண்மைதான்.

கிழிந்த வலையைக் கடலிலேயே வீசுவது

கரைக்குக் கொண்டுவாருங்கள். கையளவு துண்டில்கூட நண்டின் கால் சிக்கும்.